மூன்றில் ஒரு பங்கு: வெட்டுவதா, நெருக்குவதா, மூடிவைத்து எழுதுவதா?

"கீழ்க்காணும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக." தமிழ்த் தேர்வில் இந்த வினாவைப் பார்த்ததும் பிள்ளைகள் கை வைக்கிற விதம் பெரும்பாலும் மூன்றுதான். சிலர் பத்தியில் முக்கியமான வாக்கியங்களுக்கு அடிக்கோடு போட்டு, அவற்றை அப்படியே எடுத்து வரிசையாக எழுதிவிடுவார்கள். சிலர் முதல் வாக்கியத்தில் தொடங்கி ஒவ்வொன்றையும் நெருக்கிக் குட்டையாக்கிக்கொண்டே போவார்கள். மிகச் சிலர்தான் பத்தியைப் படித்து, நாலு குறிப்பு எடுத்துக்கொண்டு, வினாத்தாளைத் திருப்பி வைத்துவிட்டுத் தாங்களாக எழுதுவார்கள். இந்த மூன்றில் எதைப் பழகுவது, எந்த நிலைமையில் எதற்கு மாறுவது என்பதுதான் கேள்வி. சும்மா பேசுவதைவிட ஒரே பத்தியை மூன்று விதத்திலும் சுருக்கிப் பார்த்துவிடலாம்.

இதற்காகவே எழுதிய பத்தி இது. தேர்வில் வருகிற மாதிரி உவமை, மேற்கோள், கேள்வி, திரும்பச் சொல்லல் எல்லாம் கலந்து இருக்கிறது.

"தமிழகத்தின் ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. கழுத்துமாலையில் மணிகள் கோக்கப்பட்டிருப்பதுபோல அவை ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைக்கப்பட்டிருந்தன. மேட்டில் இருக்கும் ஏரி நிறைந்ததும் மிகுநீர் கலங்கல் வழியாக வெளியேறி, பள்ளத்தில் இருக்கும் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரி, அதுவும் நிறைந்தால் மற்றொன்று என நீர் தொடர்ந்து ஓடும். இதனால் பெருமழைக் காலத்தில் வெள்ளம் ஓரிடத்தில் தேங்கி ஊரை அழித்ததில்லை. கோடையிலும் கிணறுகள் வற்றியதில்லை. ஆனால் இன்று நிலைமை என்ன? கால்வாய்கள் வீட்டுமனைகளாகிவிட்டன, கலங்கல்கள் குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றன. ஏரியைத் தூர்வாரினால் மட்டும் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். 'வரத்துக்கால் இல்லாத ஏரி வெறும் பள்ளம்தான்' என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். அது உண்மை. ஏரியை ஆழப்படுத்துவதோடு நில்லாமல், நீர் வரும் வழியையும் போகும் வழியையும் மீட்டால்தான் ஏரி ஏரியாக இருக்கும்."

எண்ணிப் பார்த்தால் 90 சொற்கள். எண்ணுவதில் குழம்ப வேண்டாம், இடைவெளி விட்டு எழுதப்பட்டது ஒவ்வொன்றும் ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் போதும். "கோக்கப்பட்டிருப்பதுபோல" எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒன்றுதான். அப்படியானால் நம் விடை 30 சொல் அளவில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கூடக்குறைய இருப்பதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன், நாற்பதைத் தொட்டால் கவலைப்படுவேன். இங்கே ஒரு குறுக்குவழியைச் சிலர் பிடிப்பதுண்டு: தனித்தனியாக எழுத வேண்டிய சொற்களையும் ஒட்டி எழுதி எண்ணிக்கையைக் குறைப்பது. திருத்துகிறவர் கண்ணுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், எழுத்துப்பிழையாகவும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வெட்டுகிற முறை. பத்தியின் முதுகெலும்பாகத் தெரிகிற வாக்கியங்களை மட்டும் எடுத்தால் இப்படி வரும்:

"அவை ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைக்கப்பட்டிருந்தன. இதனால் பெருமழைக் காலத்தில் வெள்ளம் ஓரிடத்தில் தேங்கி ஊரை அழித்ததில்லை. கோடையிலும் கிணறுகள் வற்றியதில்லை. கால்வாய்கள் வீட்டுமனைகளாகிவிட்டன, கலங்கல்கள் குப்பையால் அடைபட்டுக் கிடக்கின்றன. ஏரியை ஆழப்படுத்துவதோடு நில்லாமல், நீர் வரும் வழியையும் போகும் வழியையும் மீட்டால்தான் ஏரி ஏரியாக இருக்கும்."

33 சொற்கள். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, கருத்தும் பெரும்பாலும் வந்துவிட்டது. ஆனால் பத்தியைப் படிக்காத ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் சொல்லே "அவை". எவை? பெயர் போன வாக்கியத்தோடு போய்விட்டது, சுட்டுச்சொல் மட்டும் இங்கே தங்கிவிட்டது. அடுத்து "இதனால்". கால்வாயால் இணைத்தால் வெள்ளம் ஏன் வராது? ஒரு ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போகிறது என்ற நடுச்செய்தி விடுபட்டதால் காரணம் இல்லாமல் விளைவு மட்டும் தொங்குகிறது. நான்காவது வாக்கியம் இன்னும் மோசம். முன்பு கால்வாய் இருந்தது, இப்போது வீட்டுமனை என்கிற திருப்பம் "ஆனால் இன்று நிலைமை என்ன?" என்ற கேள்விக்குள் ஒளிந்திருந்தது. கேள்வி வாக்கியங்களை வெட்டச் சொல்லித்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரிதான், ஆனால் கேள்வியை வெட்டும்போது அதிலிருக்கும் "ஆனால் இன்று" இரண்டையும் கழற்றி அடுத்த வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டும்.

வெட்டுகிற முறையில் தமிழுக்கே உரிய இன்னொரு வம்பு ஒற்று. "அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்" என்பதில் "போய்ச்" தேவையில்லை என்று அடித்துவிட்டு அப்படியே எழுதினால் "ஏரிக்குப் சேரும்" என்று நிற்கும். அந்தப் "ப்" போன சொல்லுக்காக வந்தது. இப்போது "ஏரிக்குச் சேரும்" என்று மாற வேண்டும். அவசரத்தில் சுருக்கியவர்கள் தாளில் இப்படி அநாதையாக நிற்கும் ஒற்றுகளை நிறையப் பார்க்கலாம். வெட்டிய இடத்துக்கு இடப்பக்கத்துச் சொல்லின் கடைசி எழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், ஆனால் பார்க்கத் தோன்றுவதில்லை, ஏனென்றால் கை தாளில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

சரி, இந்த முறையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியுமா? முடியும்.

"தமிழக ஏரிகள் ஒன்றோடொன்று கால்வாய்களால் இணைக்கப்பட்டிருந்தன. இதனால் வெள்ளம் ஊரை அழித்ததில்லை, கிணறுகள் வற்றியதில்லை. ஆனால் இன்று கால்வாய்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. கலங்கல்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஏரியை ஆழப்படுத்துவதோடு நில்லாமல், நீர் வரும் வழியையும் போகும் வழியையும் மீட்டால்தான் ஏரி ஏரியாக இருக்கும்."

சரியாக 30. பெயரைச் சேர்த்தோம், "ஆனால் இன்று" சேர்த்தோம், அதற்கு ஈடாக "பெருமழைக் காலத்தில்", "ஓரிடத்தில் தேங்கி", "கோடையிலும்", "குப்பையால்" எல்லாம் போயின. மிகுநீர் பற்றிய செய்தி இன்னும் இல்லை, வாக்கியங்கள் பத்தியுடையவை, சொந்த நடை கிடையாது. "உம் சொந்த நடையில் எழுதுக" என்று வினாவில் இருந்தால் இது அடிபடும். அந்தச் சொற்கள் இல்லையென்றால் தப்பிக்கும்.

இரண்டாவது, வாக்கியத்துக்கு வாக்கியம் நெருக்குவது. ஒரு கருத்தும் விட்டுப்போகக் கூடாது என்ற பயம் உள்ளவர்கள் இதைத்தான் பிடிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு வாக்கியமும் மூன்றில் ஒரு பங்கு ஆக வேண்டும் என்ற கணக்கு.

"ஏரிகள் தனித்தவை அல்ல. மாலைபோல் இணைந்தவை. மேல் ஏரி நிறைந்தால் நீர் அடுத்ததற்குச் செல்லும். வெள்ளம் வராது, கிணறு வற்றாது. இன்று கால்வாய்கள் மனைகளாயின. கலங்கல்கள் அடைபட்டன. தூர்வாரினால் போதும் என்கிறார்கள். வரத்துக்கால் வேண்டும் என்கிறார் பெரியவர். வழிகளை மீட்க வேண்டும்."

இதுவும் கச்சிதமாக 30 சொற்கள். அளவை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண். ஆனால் படிக்கும்போது தந்தி மாதிரி இருக்கிறது, இல்லையா? எது காரணம், எது விளைவு, எது பழையது, எது ஆசிரியர் முடிவு என்பது தெரியவில்லை. பத்தியில் 12 வாக்கியங்கள் இருந்தாலும் கருத்துகள் நாலுதான். ஆனால் இந்த முறை உவமைக்கும் பங்கு கொடுக்கிறது, பெரியவருக்கும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பெரியவர் சொன்னதும் கடைசி வாக்கியம் சொல்வதும் ஒன்றுதான், ஆகவே அவருக்குப் போன நாலு சொற்களும் வீண். அந்த நாலு சொல் பற்றாமல்தான் முடிவு "வழிகளை மீட்க வேண்டும்" என்று மொட்டையாகிவிட்டது. எந்த வழிகளை? போக்குவரத்து வழியா? நான் இந்த முறையை யாருக்கும் சொல்ல மாட்டேன். கஷ்டப்பட்டு நெருக்கிய பிறகு விடை வாசிக்கும்படியாக இல்லை என்றால் உழைப்பு எதற்கு?

மூன்றாவது முறைக்கு வருவோம், நான் பழகச் சொல்வது இதைத்தான். பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். இரண்டாவது முறை படிக்கும்போது பென்சிலால் உவமை, எடுத்துக்காட்டு, மேற்கோள், திரும்பச் சொன்னது ஆகியவற்றுக்குக் கீழே மெல்லிய கோடு. அதாவது வேண்டாததற்குத்தான் கோடு, வேண்டியதற்கு அல்ல. வேண்டியதற்குக் கோடு போடத் தொடங்கினால் பத்தியில் பாதி கோடாகிவிடும், பிறகு அந்தக் கோட்டை அப்படியே எழுதத் தோன்றும், முதல் முறைக்கே திரும்பிவிடுவோம். மிஞ்சியதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம், வாக்கியமாக வேண்டாம்:

ஏரிகள் இணைப்பு, மிகுநீர் அடுத்ததற்கு. வெள்ளம், வறட்சி இல்லை. இன்று கால்வாய் மனை, கலங்கல் அடைப்பு. தூர்வாரல் போதாது, இரு வழியும் மீட்பு.

இப்போது பத்தியை மூடிவைத்துவிட்டு இந்தக் குறிப்பை மட்டும் பார்த்துத் திருந்தாப்படி எழுத வேண்டும். முதல் தடவை நீளமாகத்தான் வரும், வரட்டும். உதாரணமாக இப்படி வரலாம்: "மேட்டில் உள்ள ஏரி நிறைந்ததும் அதன் மிகுநீர் அடுத்த ஏரிக்குச் சென்றது. இதன் காரணமாக வெள்ளம் ஏற்படவில்லை. வறட்சியும் ஏற்படவில்லை." இதுவே 15 சொல். இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. மேடு என்பது வேண்டாம், "ஒன்றின்... அடுத்ததற்கு" என்றாலே புரிகிறது. "சென்றது. இதன் காரணமாக" என்ற மூன்று சொற்களை "சென்றதால்" என்ற ஒரே சொல் ஏற்றுக்கொள்கிறது. இரண்டு "ஏற்படவில்லை"யும் "வெள்ளமும் வறட்சியும் தவிர்க்கப்பட்டன" என்று சேர்ந்துகொள்கிறது. ஆக, "ஒன்றின் மிகுநீர் அடுத்ததற்குச் சென்றதால் வெள்ளமும் வறட்சியும் தவிர்க்கப்பட்டன" என்று ஏழே சொல். கருத்து குறையவில்லை.

இப்படி எச்சங்களைப் போட்டு இணைக்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். "தமிழக ஏரிகள் கால்வாய்களால் இணைக்கப்பட்டு, ஒன்றின் மிகுநீர் அடுத்ததற்குச் சென்றதால்..." என்று எழுதத்தான் முதலில் கை போகும். "இணைக்கப்பட்டு" என்ற வினையெச்சத்துக்கு எழுவாய் ஏரிகள்; அடுத்து வரும் "சென்றதால்" என்பதற்கு எழுவாய் மிகுநீர். "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயையே முடிக்கும் வினைக்கும் எதிர்பார்க்கும், இங்கே எழுவாய் நடுவில் மாறிவிட்டது. பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள், தமிழாசிரியர் கவனிப்பார். அதைப் பெயரெச்சமாக மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது: "கால்வாய்களால் இணைந்த தமிழக ஏரிகளில்..." சொல்லும் கூடவில்லை.

திருந்திய படி:

"கால்வாய்களால் இணைந்த தமிழக ஏரிகளில் ஒன்றின் மிகுநீர் அடுத்ததற்குச் சென்றதால் வெள்ளமும் வறட்சியும் தவிர்க்கப்பட்டன. ஆனால் இன்று கால்வாய்கள் மனைகளாகிவிட்டன, கலங்கல்கள் அடைபட்டுவிட்டன. எனவே ஏரிகளைத் தூர்வாருவது மட்டும் போதாது. நீர் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் மீட்க வேண்டும்."

29 சொற்கள், நான்கு வாக்கியங்கள், முன்பு, இன்று, இனி என்ற வரிசை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியவர் இல்லை, மாலை இல்லை, "எங்கள் ஊர்" என்ற தன்மைப் பேச்சும் இல்லை. கலங்கல் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை. சொந்த நடை என்பதற்காகத் துறைச்சொல்லை மாற்றி "நீர் போகும் வாசல்" என்று எழுதினால் இரண்டு சொல் கூடும், பொருளும் மங்கும்.

இந்த முறைக்கும் ஒரு ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. பத்தியை மூடிவைத்து எழுதும்போது பத்தியில் இல்லாதது நுழைந்துவிடும். "கால்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டன" என்று எழுதத் தோன்றும், செய்திகளில் அப்படித்தானே கேட்டிருக்கிறோம். ஆனால் பத்தி சொன்னது வீட்டுமனைகளாகிவிட்டன என்று மட்டும்தான், யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. "கிணறுகள் வற்றியதில்லை" என்பதை "வறட்சி தவிர்க்கப்பட்டது" என்று பொதுமைப்படுத்துவது கொஞ்சம் அகலமானதுதான், ஆனாலும் அதே திசையில் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம். ஆக்கிரமிப்பு என்பது புதுச் செய்தி. ஆகவே திருந்தாப்படி முடிந்ததும் மூடிவைத்த பத்தியைத் திறந்து, நம் விடையில் உள்ள ஒவ்வொரு கருத்துக்கும் பத்தியில் இடம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இடம் கிடைக்காத சொல்லை மாற்றிவிட வேண்டும். அதேபோல் "இப்பத்தியில் ஆசிரியர் கூறுவது என்னவென்றால்" என்று தொடங்குகிற பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க, அது நாலு சொல். முப்பதில் நாலு சொல்லை ஒன்றும் சொல்லாமலே செலவு செய்கிறீர்கள்.

நேரம் எவ்வளவு? இந்த அளவுப் பத்திக்குப் படிக்க மூன்று நிமிடம், குறிப்புக்கு இரண்டு, திருந்தாப்படிக்கு நாலைந்து, எண்ணித் திருத்தி நகல் எடுக்க ஐந்து என்று 15 நிமிடம் ஆகும். வீட்டில் பழகினால் இதைக் குறைக்கலாம், ஆனால் திருந்தாப்படியை விட்டுவிட்டு நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். 15 சொல் ஏழாகக் குறைவது அங்கேதான். பத்தி பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை, நடுவிலிருந்து மூன்று வரியை எண்ணிச் சராசரி எடுத்து வரிகளால் பெருக்கினால் போதும். உங்கள் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று முன்பே தெரிந்துவைத்திருந்தால் விடையை வரிக்கணக்கிலேயே மட்டுப்படுத்திக்கொள்ளலாம். வரிக்கு ஐந்து சொல் எழுதுகிறவருக்கு 30 சொல் என்பது ஆறு வரி.

கடைசி மணி அடிக்கப் பத்து நிமிடம்கூட இல்லை, சுருக்கம் இன்னும் தொடவே இல்லை என்றால்? அப்போது மூன்றாம் முறையைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, ஒட்டுப்போட்ட வெட்டு முறைதான் புத்திசாலித்தனம். அது எவ்வளவு பலிக்கும் என்பது பத்தியின் வகையையும் பொறுத்தது. மேலே உள்ளது காரணகாரியப் பத்தி, வாக்கியங்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, வெட்டினால் ரத்தம் வரும். ஒருவரின் வாழ்க்கை வரலாறு வந்தால் அப்படியில்லை. உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தார், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1942இல் மறைந்தார் என்று ஓடுகிற பத்தியில் ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் நிற்கும். நடுவில் இரண்டை எடுத்துவிட்டு "சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம் முதலிய நூல்களைப் பதிப்பித்தார்" என்று ஒன்றாக்கினால் வேலை முடிந்தது. "அவர்" என்பதை முதல் இடத்தில் மட்டும் பெயராக மாற்ற வேண்டும். "முதலிய" என்ற ஒரு சொல் இத்தகைய பட்டியல்களை விழுங்கிவிடும், ஆனால் அதற்கு முன் ஒன்றிரண்டு பெயராவது நிற்க வேண்டும்.

தலைப்புக் கேட்டிருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள், முதலில் வைத்தால் பத்தியின் முதல் சொல்லே தலைப்பாகிவிடும். "ஏரிகள்" என்பது இந்தப் பத்திக்குப் பொருந்தாது, எந்த ஏரிப் பத்திக்கும் அதை வைக்கலாம். சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தைப் பார்த்தால் தலைப்பு அங்கேயே இருக்கும்: "ஏரிகளின் நீர்வழி மீட்பு".